19 நாளில் இவ்வளவு அன்பு: எதைப் பார்த்து முடிவு செய்வது?

மழைக்குருவி | பிப்ரவரி 3, இரவு 11.40

மாலை நேர மொழி வகுப்பில் ஒருவரைச் சந்தித்து இன்றோடு 19 நாள்கள் ஆகின்றன. நான்காம் நாள், "என்னை இப்படிப் புரிந்துகொண்டவர் இதுவரை யாருமே இல்லை" என்று எழுதினார். ஏழாம் நாள், இருவரும் சேர்ந்து வாழப்போகும் வீட்டின் எந்தச் சுவரில் எந்தப் படத்தை மாட்டுவது என்பது வரை பேச்சு போய்விட்டது. பதினொன்றாம் நாள், கைபேசியில் ஒருவர் இருக்கும் இடத்தை மற்றவர் எப்போதும் பார்க்கும்படி வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார், வைத்துக்கொண்டோம். நேற்று மட்டும் அவரிடமிருந்து 61 செய்திகள் வந்தன.

மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறேன், ஆனால் ஒழுங்காகத் தூங்கி ஒரு வாரமாகிறது. அன்பு மழையால் திணறடித்து ஒருவரைத் தன் பிடிக்குள் வைத்துக்கொள்வதை லவ் பாம்பிங் என்று சொல்கிறார்களே, அது இதுதானா, அல்லது அன்பைப் பெற்றுப் பழக்கமில்லாததால் எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா? எதைப் பார்த்து முடிவு செய்வது? அந்தச் சொல்லுக்குள்ளேயே ஒரு பாம்பு இருப்பதை நானும் கவனித்துவிட்டேன். யாரும் அதை எடுத்துக் காட்ட வேண்டாம்.

எட்டாம்பக்கம் | பிப்ரவரி 4, காலை 7.15

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. 19 நாளில் வீட்டுச் சுவர் வரை பேசுகிறவர், தன்னையே பெரிதாக நினைக்கும் நார்சிசிஸ்ட். வேறு விளக்கமே தேவையில்லை. இன்றே எண்ணைத் தடை செய்துவிடுங்கள்.

மழைக்குருவி | பிப்ரவரி 4, காலை 7.50

எனக்கு நெருங்கிய தோழி ஒருத்தி தன் துணைவரைச் சந்தித்த ஆறாம் நாளே முடிவெடுத்தாள். இருபது ஆண்டுகளாக நன்றாகத்தான் இருக்கிறார்கள். வேகம் மட்டுமே அடையாளம் என்றால் அவர்களும் அந்தப் பட்டியலில் வர வேண்டுமே. வேகம் தவிர வேறு எதையாவது சொல்லுங்கள்.

பழைய குடை | பிப்ரவரி 4, இரவு 9.30

இணையர் ஆலோசனைப் பணியில் பதினான்கு ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். செய்திகளின் எண்ணிக்கையை வைத்து எதையும் சொல்ல முடியாது. புதுக் காதலில் எல்லோரும் கொஞ்சம் நிலை தடுமாறித்தான் இருப்பார்கள்.

லவ் பாம்பிங் என்ற சொல் காதலர்களிடம் பிறந்தது அன்று. 1970களில் அமெரிக்காவில் யூனிஃபிகேஷன் சர்ச் என்ற மத அமைப்பு, புதிதாக வருபவர்களை நடத்திய முறைக்கு வழங்கிய பெயர் அது. வந்தவரைச் சுற்றி எப்போதும் ஆள் இருக்கும், புகழ்ச்சி இருக்கும், அடுத்த நிகழ்ச்சி காத்திருக்கும், அவர் தனியாக உட்கார்ந்து "எனக்கு இது வேண்டுமா?" என்று தன்னையே கேட்டுக்கொள்ள இடைவெளி மட்டும் இருக்காது. ஆகவே நான் முதலில் பார்ப்பது அன்பின் அளவை அன்று, அந்த இடைவெளியை. உங்களுக்கென்று ஒரு மாலையை எடுத்துக்கொண்டால் அது உங்களுடையதாகவே இருக்கிறதா, அல்லது அதற்குள்ளும் அவர் வந்துவிடுகிறாரா?

இரண்டாவதாக, சிறிய மறுப்பு ஒன்றைச் சொன்ன பிறகு என்ன நடக்கிறது என்று பாருங்கள். பெரிய சண்டையோ விலகலோ தேவையில்லை. "புதன்கிழமை மாலை எனக்கு வேண்டும், வியாழக்கிழமை பேசலாம்" என்ற அளவே போதும். ஆனால் அதைப் பரீட்சையாக வைக்காதீர்கள். உங்களுக்கு உண்மையாகவே தேவையான ஒன்றை மட்டும் சொல்லுங்கள். பொய்யான மறுப்புக்குக் கிடைக்கும் பதிலைக் கொண்டு எதையும் தெரிந்துகொள்ள முடியாது, அதோடு ஏமாற்றுகிறவர் நீங்களாகிவிடுவீர்கள்.

எட்டாம்பக்கம் சொன்னதில் பாதி சரி. அர்கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் 18 முதல் 30 வயது வரையிலான 484 மாணவர்களிடம் செய்து 2017இல் வெளியான ஆய்வொன்று, இந்த நடத்தைக்கும் நார்சிசிசப் போக்குக்கும் தொடர்பு இருப்பதாகக் காட்டியது. அதே ஆய்வு, உறவில் பாதுகாப்பின்மை உணர்வோடும் தாழ்ந்த தன்மதிப்போடும் கூடத் தொடர்பு இருப்பதைக் காட்டியது. தன்னையே நம்பாத, கைவிடப்படுவோம் என்று அஞ்சுகிற ஒருவரும் இப்படி நடந்துகொள்ளலாம் என்பதே அதன் பொருள். மாணவர்கள் தங்களைப் பற்றித் தாங்களே நிரப்பிய வினாத்தாளை வைத்து, முகம் பார்க்காத ஒருவருக்கு நோய்ப் பெயர் சூட்ட முடியாது.

மழைக்குருவி | பிப்ரவரி 4, இரவு 11.55

இடைவெளியைப் பற்றிப் படித்ததும் செய்தி வரலாற்றைப் புரட்டிப் பார்த்தேன். அந்த 61 செய்திகளில் 48க்கு நான் பதில் எழுதியிருக்கிறேன், பெரும்பாலும் இரண்டு நிமிடங்களுக்குள். அலுவலகக் கூட்டத்தில் மேசைக்கு அடியில் வைத்து எழுதியதும் அதில் உண்டு. அவர் வேகம் என்று இதுவரை நான் சொல்லிக்கொண்டிருந்ததில் பாதி என் வேகம்.

தாழ்வாரம் | பிப்ரவரி 5, காலை 6.20

கேள்வி என்னைப் பற்றியது இல்லை என்று தெரிந்தும் கேட்கிறேன். நான் அந்த 61 செய்திகளை அனுப்புகிற பக்கத்தில் இருப்பவன். பிடித்தவர்களுக்கு எழுதாமல் என்னால் இருக்க முடியாது. பரிசு வாங்குவதற்கு நாள் பார்ப்பதில்லை. யாரையும் ஏமாற்ற நினைத்ததும் இல்லை. நானும் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேனா?

மழைக்குருவி | பிப்ரவரி 5, காலை 8.05

தாழ்வாரம், இன்றைக்கு என்னால் அந்தப் பக்கத்துக்காக வருந்த முடியவில்லை. பிறகு வருகிறேன்.

நேற்று இரவு அவரிடம் சொன்னேன்: புதன், ஞாயிறு ஆகிய இரண்டு மாலைகளும் எனக்கு வேண்டும், இரவு ஒன்பதுக்குமேல் கைபேசியை அணைத்து வைப்பேன். இரண்டும் உண்மையான தேவைகள். பாதியில் நின்றுபோன மொழிபெயர்ப்பு ஒன்று புதன்கிழமைகளுக்காகக் காத்திருக்கிறது, தூக்கத்தைப் பற்றி முன்பே சொல்லிவிட்டேன். அவருடைய பதில்: "நிச்சயமாக. உனக்கு எது தேவையோ அது. உன் நேரத்தை மதிக்கிறேன்." ஒரு பெருமூச்சு விட்டேன். நான் அவரைச் சந்தேகித்தது தவறு என்று இங்கே எழுத வந்தேன்.

பழைய குடை | பிப்ரவரி 5, நண்பகல் 1.10

நல்ல பதில்தான். ஆனால் அது சொல், புதன்கிழமை மாலை இன்னும் வரவில்லை.

மழைக்குருவி | பிப்ரவரி 6, காலை 6.45

வந்துபோயிற்று. ஆறரை மணிக்கு, "தொந்தரவு செய்யவில்லை, உன்னை நினைக்கிறேன் என்று மட்டும் சொல்ல வந்தேன்." ஏழு மணிக்கு ஒரு பாட்டு. எட்டேகால் மணிக்கு என் வீட்டு வாசலில் பூங்கொத்து. கொண்டுவந்தவர் அவரில்லை, கடைப் பையன். அதோடு ஓர் அட்டை: "நீ வேலை செய்யும்போதும் நான் அருகில் இருக்கிறேன்." ஒன்பது மணிக்குக் கைபேசியை அணைத்தேன். காலையில் திறந்தபோது 14 செய்திகள். முதல் ஐந்தும் அன்பானவை. ஆறாவதில் "நான் உனக்குப் பாரமாகிவிட்டேனா?" என்ற கேள்வி, பத்தாவதில் "உன் அம்மா போனபோது நீ எல்லோரையும் விலக்கி வைத்ததாகச் சொன்னாயே, அதையே இப்போது எனக்குச் செய்கிறாய்" என்ற வாக்கியம், பதினான்காவதில் "மன்னித்துவிடு, உன்னை அளவுக்கு மீறி நேசிப்பதுதான் என் குறை."

பூங்கொத்து அழகாகத்தான் இருக்கிறது. அதைக் குறையாகச் சொல்லும்போது நன்றிகெட்டவளாகத் தெரிகிறேன்.

எட்டாம்பக்கம் | பிப்ரவரி 6, காலை 7.30

பூங்கொத்து அனுப்பியது ஒரு குற்றமா? இப்போது நானே அவர் பக்கம் பேச வேண்டியிருக்கிறது.

பழைய குடை | பிப்ரவரி 6, இரவு 10.05

பூங்கொத்து குற்றமில்லை. நேற்று அது வந்த நேரத்தை மட்டும் பாருங்கள். "இந்த மாலை எனக்கு வேண்டும்" என்று சொன்ன மாலைக்குள், மறுக்க முடியாத வடிவத்தில் அது வந்திருக்கிறது. வாசல்வரை போய், வாங்கி, நன்றி சொல்லி, நீரில் வைத்தாக வேண்டும். அன்பளிப்பாக வரும் அத்துமீறலை எதிர்க்கச் சொற்களே கிடைக்காது. எதிர்த்தால் உங்களுக்கே நீங்கள் கொடியவராகத் தெரிவீர்கள், இப்போது தெரிவதுபோல.

இருந்தும் பூங்கொத்தைவிட, பதினான்கு செய்திகளைவிட, எனக்குக் கவலை தருவது அந்தப் பத்தாவது செய்தி. அம்மாவைப் பற்றி அவரிடம் எப்போது சொன்னீர்கள்?

மழைக்குருவி | பிப்ரவரி 6, இரவு 10.40

மூன்றாம் நாள். கேட்டார், சொன்னேன். இரண்டு மணி நேரம் குறுக்கே பேசாமல் கேட்டார். என் வாழ்க்கையில் யாரும் அப்படிக் கேட்டதில்லை என்று அன்று நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறேன்.

பழைய குடை | பிப்ரவரி 7, காலை 5.50

நம்பிக்கையாகச் சொன்ன ஒன்று, நீங்கள் மறுத்த நாளிலேயே உங்களுக்கு எதிராகத் திரும்பியிருக்கிறது. அவர் அதைத் திட்டமிட்டுச் சேமித்து வைத்தார் என்று நான் சொல்லவில்லை, அது எனக்குத் தெரியாது. கோபத்தில் ஒருமுறை அப்படிச் சொல்லிவிட்டு மறுநாள் உண்மையாகவே வெட்கப்படுகிறவர்களும் உண்டு. வெட்கப்படுகிறவர், நீங்கள் கேட்காமலே அந்த வாக்கியத்தைச் சுட்டி, "அதைச் சொல்லியிருக்கக் கூடாது" என்பார். "அளவுக்கு மீறி நேசிப்பதுதான் என் குறை" என்பதில் மன்னிப்பு இருக்கிறது, ஆனால் எதற்கு என்பது இல்லை. போகிற போக்கில் குறையும் புகழாகிவிட்டது.

இனிமேல் உங்கள் வேகத்தைப் பற்றி ஒரு சொல். எல்லாவற்றையும் ஒரே அளவில் குறைக்க வேண்டியதில்லை. திரும்பப் பெறக்கூடியவற்றில் தாராளமாக இருக்கலாம்: ஒரு மாலை, ஒரு நடை, ஒரு கடிதம். திரும்பப் பெறக் கடினமானவற்றைத் தள்ளிப் போடுங்கள்: வீட்டுச் சாவி, கடவுச்சொல், கடன், ஒன்றாகக் குடியேறுதல், வேலையை விடுதல், அந்தரங்கப் படங்கள், பழைய நண்பர்களிடமிருந்து விலகுதல். என்னிடம் வந்தவர்களுக்கு, மூன்று மாதங்கள் கழியும்வரை இரண்டாம் வகையில் எதுவும் வேண்டாம் என்று சொல்வேன். அந்த மூன்று மாதம் ஆய்வில் வந்த எண் அன்று. ஒருவர் நோயுற்ற நாளிலும், உங்களுக்கு நல்லது நடந்த நாளிலும், திட்டம் கெட்ட நாளிலும் எப்படி நடந்துகொள்கிறார் என்று பார்க்க ஏறக்குறைய அவ்வளவு காலம் ஆகிறது.

மழைக்குருவி | பிப்ரவரி 7, காலை 9.20

இருப்பிடப் பகிர்வை எந்த வகையில் வைப்பது என்று யோசித்தேன். ஒரு பொத்தானை அழுத்தினால் நின்றுவிடும் என்பதால் முதல் வகை. அதை அழுத்த எனக்குப் பயமாக இருக்கிறது என்பதால் இரண்டாம் வகை.

தாழ்வாரம் | பிப்ரவரி 7, மாலை 4.00

யாரும் எனக்குப் பதில் சொல்லவில்லை, நானே சொல்லிக்கொள்கிறேன். போன ஆண்டு ஒருவர் என்னிடம், "எனக்கு மூச்சு முட்டுகிறது, வாரம் மூன்று நாள் போதும்" என்றார். ஒரு நாள் முழுவதும் முகம் வாடிக் கிடந்தேன். மறுநாள் எந்த மூன்று நாள் என்று கேட்டு எழுதி வைத்துக்கொண்டேன். ஆனால் அந்த மூன்று நாள்களிலும், "கோபமில்லையே?" என்று தவறாமல் கேட்டேன். அதுவும் அத்துமீறலில் சேருமா?

பழைய குடை | பிப்ரவரி 7, இரவு 8.15

மூன்று நாள் என்று சொன்னபின் மூன்று நாளாக்கினீர்கள், அது பெரிய வேறுபாடு. "கோபமில்லையே?" என்று ஒவ்வொரு முறையும் கேட்டது அவருக்குச் சுமையாக இருந்திருக்கும், உங்கள் அச்சத்தை அவர்தான் ஆற்ற வேண்டியிருந்தது. அதற்கும் கட்டுப்படுத்துவதற்கும் நடுவே கோடு எங்கே இருக்கிறது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. அவரைத்தான் கேட்க வேண்டும்.

தாழ்வாரம் | பிப்ரவரி 7, இரவு 8.30

அவரிடம் கேட்டால் அது நான்காவது முறையாகிவிடும்.

மழைக்குருவி | பிப்ரவரி 10, இரவு 7.30

சனிக்கிழமை இருப்பிடப் பகிர்வை நிறுத்தினேன், நிறுத்தியதை அவரிடம் சொன்னேன். பதில் இல்லை. ஞாயிறு முழுவதும் இல்லை, இன்று மாலைவரை இல்லை. 61 செய்திகள் வந்துகொண்டிருந்த இடத்தில் ஒன்றுகூட இல்லை. இந்த இரண்டு நாள்களில் எனக்கு நேர்ந்ததை அப்படியே எழுதி வைக்கிறேன், ஏனென்றால் அடுத்த வாரம் இதை நானே மறுப்பேன். உணவு இறங்கவில்லை. மொழிபெயர்ப்பை ஒரு வரிகூடத் தொடவில்லை. மன்னிப்புக் கேட்டு மூன்று கடிதங்கள் எழுதி அழித்தேன். எதற்கு மன்னிப்பு என்று ஒன்றிலும் இல்லை. இன்று மாலை ஐந்தரை மணிக்கு, "உயிரே, உன்னைவிட்டால் எனக்கு யார்?" என்று ஒரு செய்தி வந்தது. உடல் முழுவதும் தளர்ந்து, கண்ணில் நீர் வந்து, எவ்வளவு நேசிக்கிறேன் என்று நினைத்தேன்.

ஒரு மணி நேரம் கழித்துத்தான் வேறொன்று தோன்றியது: பல்வலி நின்றாலும் உடல் இப்படித்தான் தளரும்.

எட்டாம்பக்கம் | பிப்ரவரி 10, இரவு 8.00

பேசாமல் இருந்தது நீங்கள் கேட்ட இடைவெளிதானே? வந்தாலும் குற்றம், வராவிட்டாலும் குற்றம் என்றால் அவர் என்னதான் செய்வார்?

மழைக்குருவி | பிப்ரவரி 10, இரவு 8.20

இதற்குச் சட்டென்று பதில் வரவில்லை. நான் கேட்டது புதன், ஞாயிறு மாலைகள். கிடைத்தது எப்போது முடியும் என்று சொல்லாத மௌனம். ஆனால் அவர் உண்மையாகவே காயப்பட்டு ஒதுங்கியிருந்தால் வெளியிலிருந்து பார்க்க இதே மாதிரிதானே இருக்கும்?

பழைய குடை | பிப்ரவரி 10, இரவு 10.50

ஒரு முறை என்றால் ஆம், வேறுபாடு தெரியாது. காயப்பட்டு ஒதுங்குகிறவர்கள் திரும்பி வரும்போது எந்த இடத்தில் காயப்பட்டோம் என்பதையும் கொண்டுவருவார்கள், "பகிர்வை நிறுத்தியது எனக்கு வலித்தது, அதைப் பற்றிப் பேசலாமா?" என்பார்கள். உங்களுக்கு வந்தது அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாத புதிய மழை. இதே சுற்று இரண்டு, மூன்று முறை வந்தால் அதன் வேலையைப் புரிந்துகொள்ளுங்கள். எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசுதான், தவறாமல் கிடைக்கும் பரிசைவிட ஆளை அதிகம் கட்டிப்போடுகிறது. டட்டன், பெயின்டர் என்ற இரு உளவியலாளர்கள் 1981இல் துன்புறுத்தும் உறவுகளைப் பற்றி எழுதியபோது, விட்டுவிட்டு வரும் கனிவே அந்தப் பிணைப்பை இறுக்குகிறது என்றார்கள். பல்வலி என்று நீங்கள் சொன்னதும் ஏறக்குறைய அதுதான்.

இங்கிலாந்து, வேல்ஸ் அரசு வழக்குரைஞர்களுக்கான வழிகாட்டுதலில் 2023இல் லவ் பாம்பிங் என்ற சொல் சேர்க்கப்பட்டது. பரிசு கொடுத்ததற்காக யாரையும் தண்டிக்க அன்று. மற்ற கட்டுப்படுத்தல்களுக்கு இடையிடையே அன்பு எப்படிப் பயன்படுகிறது என்பதை ஒரே தொடராகப் பார்க்கச் சொல்வதற்கு. நீங்களும் தனித்தனி நிகழ்ச்சிகளாகப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் எட்டாம்பக்கத்தின் வாதமே வெல்லும்.

விலக நேர்ந்தால் ஒன்று. அவருக்கு உங்கள் வீடு தெரியும். பேச்சில் ஒருமுறையாவது மிரட்டல் வந்திருந்தால், உனக்கோ எனக்கோ ஏதாவது நடக்கும் என்ற வகையில் கூட, தனியாகச் சந்தித்து அறிவிக்காதீர்கள். நம்பும் ஒருவரிடம் முன்பே சொல்லிவையுங்கள், செய்திகளை அழிக்காதீர்கள்.

மழைக்குருவி | பிப்ரவரி 11, காலை 7.10

மிரட்டல் எதுவும் வரவில்லை. ஆனால் நம்பும் ஒருவரிடம் சொல்வது என்று படித்தபோது, 27 நாள்களாகத் தோழிகள் ஒருவரிடமும் நான் இதைச் சொல்லவில்லை என்பது உறைத்தது. "நம் இருவருக்குள்ளேயே இருக்கட்டும், மற்றவர்கள் கண் வைப்பார்கள்" என்று அவர் இரண்டாம் வாரத்தில் சொன்னதை அன்று இனிமையாக எடுத்துக்கொண்டேன். ஆறு நாளில் முடிவெடுத்ததாக மேலே எழுதினேனே, அந்தத் தோழியை இன்று அழைத்தேன். அவள் கதையைத் தவறாகச் சொல்லியிருக்கிறேன். ஆறாம் நாளில் முடிவு செய்தது உண்மை. ஆனால் அதன்பின் அவளுக்கு வேறு ஊரில் எட்டு மாதப் பயிற்சி வந்தது. அவர் "போய் வா" என்றிருக்கிறார். எட்டு மாதமும் வாரம் ஒரு கடிதம், அவ்வளவுதான். வேகத்தை எண்ணினேன், எட்டு மாதத்தை விட்டுவிட்டேன்.

மழைக்குருவி | பிப்ரவரி 13, காலை 6.30

நேற்று புதன். மாலை அழைப்புமணி அடித்தது, அவரே வந்திருந்தார், கையில் மடல். கதவைத் திறக்கவில்லை. "இன்று புதன்கிழமை" என்று உள்ளிருந்தே சொன்னேன். மடலைக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போனார். குரலை உயர்த்தவில்லை, அதையும் எழுதிவைக்க வேண்டும். தோழி வந்து இரவு தங்கினாள். காலையில், இனிச் சந்திக்க வேண்டாம் என்று மூன்று வரியில் செய்தி அனுப்பினேன். காரணங்களை எழுதினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் வரும் என்று அவள் சொன்னதால் காரணம் எழுதவில்லை.

எட்டாம்பக்கம் | பிப்ரவரி 13, காலை 7.00

முதல் நாளே இதைத்தான் சொன்னேன்.

மழைக்குருவி | பிப்ரவரி 13, காலை 7.05

நடுவில் இரண்டு முறை அவருக்காக வாதாடியதும் நீங்கள்தான்.

தாழ்வாரம் | பிப்ரவரி 14, இரவு 9.45

அவரிடம் கேட்டேவிட்டேன். "கேள்வி தொந்தரவு இல்லை, 'இல்லை' என்று சொன்ன பிறகும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாயே, அதுதான்" என்றார். எந்தப் பக்கம் சேர்ப்பது என்று தெரியவில்லை. இங்கே வைத்துவிட்டுப் போகிறேன்.

மழைக்குருவி | பிப்ரவரி 16, இரவு 8.50

தாழ்வாரம், அன்று கடுமையாக எழுதிவிட்டேன். உங்கள் மூன்று நாள் கணக்கை மூன்று முறை படித்தேன்.

அந்த மடலை இன்றுதான் பிரித்தேன். நான்கு பக்கம். இரண்டாம் பக்கத்தில், "என்னை இப்படிப் புரிந்துக்கொண்டவர் இதுவரை யாருமே இல்லை" என்ற வாக்கியம் இருந்தது. நான்காம் நாள் செய்தியைத் தேடி எடுத்து அருகில் வைத்துப் பார்த்தேன். எழுத்துக்கு எழுத்து அதே வாக்கியம். "புரிந்து"க்குப் பின் வரக் கூடாத அந்த ஒற்றும் அங்கேயும் இருந்தது. இந்த இழையில் முதல் நாள் அதை எடுத்தெழுதியபோது என்னை அறியாமல் திருத்தி எழுதியிருக்கிறேன். எல்லோருக்கும் ஒரே வாக்கியத்தை அனுப்புகிறாரா, அல்லது உண்மையாகவே நினைப்பதால் மாறாமல் வருகிறதா என்று தோழியிடம் கேட்டேன். அவள் மடலை வாங்கி மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு, மொழிபெயர்ப்பு எந்தப் பக்கத்தில் நிற்கிறது என்று கேட்டாள். 112ஆம் பக்கம்.